மொமென்ட் ஈக்வேஷன்ல பிவட்ட எங்க வைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிவட்னா ஹிஞ்ச் போட்டிருக்குற இடம்தானே? அத நம்ம இஷ்டத்துக்கு எப்படி மாத்த முடியும்?

தாராளமா மாத்தலாம். நிஜத்துல போல்ட் போட்டு மாட்டியிருக்குற ஹிஞ்ச் வேற, கணக்குல நாம மொமென்ட் எடுக்குற புள்ளி வேற. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. ஒரு போர்டு சுவத்துல அசையாம நிக்குதுன்னா அது ஹிஞ்ச சுத்தி மட்டும் சுத்தாம இருக்குன்னு அர்த்தம் இல்லயே, அது எந்த புள்ளிய சுத்தியும்தான் சுத்தல. போர்டோட நடுவுல ஒரு புள்ளி எடுங்க, ஓரத்துல எடுங்க, எதிர் வரிசைல இருக்குற டீக்கடை வாசல்ல கூட எடுங்க, அந்த புள்ளிய வச்சு எல்லா ஃபோர்ஸோட மொமென்ட்டயும் கூட்டுனா ஜீரோதான் வரும்.

இதுக்கு காரணம் ரொம்ப சிம்பிள். A-ங்கிற புள்ளில இருந்து B-க்கு மாறும்போது மொத்த மொமென்ட் எவ்ளோ மாறும்னா, எல்லா ஃபோர்ஸையும் சேர்த்த ரிசல்டன்ட்ட A-ல போட்டு B-ய சுத்தி மொமென்ட் எடுத்தா என்ன வருமோ அவ்ளோதான். நிக்குற பாடில அந்த ரிசல்டன்ட்டே ஜீரோ, அதனால மாற்றமும் ஜீரோ. கடைசி கேள்வில ரிசல்டன்ட் ஜீரோ இல்லாத ஒரு கேஸ் வருது, அங்க இதே விஷயம்தான் ஆள கவுத்து விடும், அதனால இத மனசுல வச்சுக்கோங்க.

எங்க எடுத்தாலும் ஜீரோதான்னா அப்புறம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?

ஜீரோங்கிறது மாறாது, ஆனா அந்த ஈக்வேஷனுக்குள்ள எந்த ஃபோர்ஸ் எல்லாம் உட்காருதுங்கிறது மாறும். மொமென்ட்னா ஃபோர்ஸ், பெருக்கல், அந்த ஃபோர்ஸ் போற கோட்டுக்கும் நம்ம புள்ளிக்கும் நடுவுல இருக்குற செங்குத்து தூரம். கோடு நம்ம புள்ளி வழியாவே போச்சுன்னா தூரம் ஜீரோ, அப்ப அந்த ஃபோர்ஸ் பத்து நியூட்டனா பத்தாயிரமான்னு தெரியவே வேணாம், அது கணக்குல வராது.

அதனால நான் பசங்களுக்கு சொல்றது, முதல்ல ஃபிரீ பாடி டயக்ராம் போடுங்க, தெரியாத ஃபோர்ஸ் ஒவ்வொண்ணோட கோட்டையும் ரெண்டு பக்கமும் பென்சில்ல நீட்டி விடுங்க, எந்த ரெண்டு கோடு எங்க வெட்டிக்குதுன்னு பாருங்க. ரெண்டு கோடு வெட்டுற புள்ளில பிவட் வச்சா அந்த ரெண்டும் காலி, மூணாவது மட்டும் மிஞ்சும். பிளேன்ல ஒரு பாடிக்கு மூணு அன்னோன்தான் பொதுவா இருக்கும், ஸோ ஒரே வரில ஒரு விடை வந்துடும்.

ஒரு முழு கணக்கு போட்டு காட்ட முடியுமா?

கடை போர்டு மாட்டுற பிராக்கெட் ஒண்ண எடுத்துக்குவோம். சுவத்துல இருந்து படுக்கையா நீட்டிக்கிட்டு நிக்குற ஒரு பீம், நீளம் 2 மீட்டர், அதோட எடை 120 நியூட்டன், அது நடுவுல, அதாவது 1 மீட்டர்ல இறங்குது. சுவத்துல இருந்து 1.5 மீட்டர் தள்ளி 200 நியூட்டன் எடையுள்ள போர்டு தொங்குது. பீமோட சுவர் முனைல ஹிஞ்ச், வெளி முனைல இருந்து ஒரு கேபிள் சாய்வா மேல போய் சுவத்துல ஒரு கொக்கில முடியுது, கேபிளுக்கும் பீமுக்கும் நடுவுல கோணம் 30 டிகிரி. அந்த கொக்கி ஹிஞ்சுக்கு நேர் மேல 2 × tan 30°, அதாவது 1.155 மீட்டர் உயரத்துல இருக்கும்.

தெரியாதது மூணு. கேபிள் இழுவை T, ஹிஞ்ச் பீம சுவத்துல இருந்து வெளிய தள்ளுற படுக்கை ஃபோர்ஸ் H, ஹிஞ்ச் மேல தூக்குற ஃபோர்ஸ் V.

முதல்ல எல்லாரும் பண்றது, ஹிஞ்ச்ல பிவட். H, V ரெண்டும் அங்கயே பொறக்குது, ரெண்டும் போயிடும்.

T × 2 × sin 30° = 120 × 1 + 200 × 1.5
T = 420 N

இதோட நிறுத்திட்டு எல்லாரும் படுக்கை ஃபோர்ஸ், செங்குத்து ஃபோர்ஸ் ஈக்வேஷனுக்கு போயிடுவாங்க. தப்பில்ல, ஆனா T-ல எதாவது சறுக்கியிருந்தா அந்த சறுக்கல் H-லயும் V-லயும் அப்படியே ஏறிக்கும். அதுக்கு பதிலா பிவட்ட நகத்துங்க.

பீமோட வெளி முனைக்கு போங்க. T அங்கதான் பிடிச்சிருக்கு, அது போச்சு. H பீம் நெடுக்க படுக்கையா போறதால அதோட கோடும் இந்த முனை வழியாத்தான் போகும், அதுவும் போச்சு. மிச்சம் V மட்டும்.

V × 2 = 120 × 1 + 200 × 0.5
V = 110 N

இப்ப சுவத்துல இருக்குற கொக்கிக்கு போங்க. கேபிள் அங்க முடியுது, ஸோ T இல்ல. V செங்குத்தா சுவத்த ஒட்டி மேல போற கோடு, கொக்கி ஹிஞ்சுக்கு நேர் மேல இருக்கு, ஸோ V-யும் இல்ல. H மட்டும்.

H × 1.155 = 120 × 1 + 200 × 1.5
H = 364 N

பாருங்க, மூணு அன்னோனும் ஒண்ண ஒண்ணு நம்பாம தனித்தனியா வந்துடுச்சு. சைமல்டேனியஸ் ஈக்வேஷன் எதுவும் சால்வ் பண்ணல. இப்ப ஃபோர்ஸ் ஈக்வேஷன செக் பண்ண மட்டும் வச்சுக்கலாம். மேல போறது 420 × 0.5 + 110 = 320, கீழ வர்றது 120 + 200 = 320. படுக்கையா 420 × 0.866 = 364. கரெக்டா உட்காருது.

அப்ப மூணு மொமென்ட் ஈக்வேஷன் போட்டாலே போதுமா? ஃபோர்ஸ் ஈக்வேஷன் வேணாமா?

போதும், ஒரு கண்டிஷனோட. மூணு புள்ளியும் ஒரே நேர்கோட்டுல இருக்கக் கூடாது. மேல எடுத்தது ஹிஞ்ச், வெளி முனை, கொக்கி, இது ஒரு முக்கோணம், அதனால பிரச்சினை வரல.

இதையே ஒருத்தர் ஹிஞ்ச், பீம் நடு, பீம் முனைன்னு எடுத்தார்னு வைங்க. மூணும் பீம் மேலயே இருக்கு, H-ஓட கோடும் பீம் மேலயேதான் போகுது, ஸோ மூணு ஈக்வேஷன்லயும் H எட்டிக்கூட பாக்காது. கேபிளோட படுக்கை பாகமும் அதே மாதிரி காணாம போயிடும். மூணு ஈக்வேஷன், ஆனா உள்ள இருக்குற அன்னோன் T, V ரெண்டுதான், மூணாவது ஈக்வேஷன் முதல் ரெண்டையும் கலந்து எழுதினதுதான், புதுசா ஒண்ணும் சொல்லாது. சால்வ் பண்ணிக்கிட்டே போனா கடைசில 0 = 0-ன்னு வந்து நிக்கும். பரீட்சைல 0 = 0 வந்தா கணக்கு தப்புன்னு அடிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்காதீங்க, பிவட் மூணும் ஒரே கோட்டுலயான்னு பாருங்க, பெரும்பாலும் அதான். நடுப்புள்ளிய விட்டுட்டு பீம் போற கோட்டுக்கு வெளிய எங்கயாவது ஒரு புள்ளி எடுத்தா சரியாயிடும்.

ரெண்டு மொமென்ட்டும் ஒரு ஃபோர்ஸ் ஈக்வேஷனும் எடுக்குறவங்களுக்கும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கு. ரெண்டு பிவட்டையும் சேர்க்குற கோடு, நீங்க ஃபோர்ஸ் கூட்டுற திசைக்கு செங்குத்தா இருக்கக் கூடாது. பீம் ரெண்டு முனைலயும் மொமென்ட் எடுத்துட்டு செங்குத்து ஃபோர்ஸ கூட்டுனா புதுசா எதுவும் கிடைக்காது, படுக்கை ஃபோர்ஸ கூட்டுனாதான் H வரும்.

V மேல தூக்குதா கீழ இழுக்குதான்னு எனக்கு முன்னாடியே எப்படி தெரியும்?

தெரிய வேணாம். ஒரு திசைய வச்சுட்டு போங்க, மைனஸ் வந்தா எதிர்ப்பக்கம். ஆனா இதுலயும் நல்ல பிவட் இருந்தா கணக்கு போடாமலே தெரியும். இப்ப கேபிள வெளி முனைல இல்லாம பீம் நடுவுல, 1 மீட்டர்ல கட்டிட்டு, போர்ட முனைக்கு, 2 மீட்டருக்கு நகத்தினா என்ன ஆகும்? கேபிள் கட்டுன புள்ளில பிவட் வைங்க. T இல்ல, H இல்ல, பீமோட எடையும் சரியா அதே இடத்துல இறங்குறதால அதுவும் இல்ல. மிச்சம் வலது பக்கம் போர்டு 200, இடது பக்கம் V, ரெண்டுக்கும் தூரம் 1 மீட்டர். போர்டு வலது முனைய கீழ அமுக்குது, அத சமாளிக்க ஹிஞ்ச் இடது முனைய கீழ பிடிச்சு இழுத்தாதான் உண்டு. V கீழ்நோக்கி 200 நியூட்டன். கேபிள் எந்த சாய்வுல இருக்குன்னு நான் சொல்லவே இல்ல கவனிச்சீங்களா, அது தேவைப்படல.

நிஜ வேலைல இது சும்மா குறி மாத்துற விஷயம் இல்ல. பீம் முனைய சும்மா ஒரு திட்டு மேல உட்கார வச்சா போதுமா, இல்ல கழண்டு வராம போல்ட் போட்டு பிடிக்கணுமான்னு அந்த மைனஸ்தான் முடிவு பண்ணும்.

ஏணி கணக்குல காத்துல ஒரு புள்ளிய பிவட்டா எடுத்திருக்காங்க. அங்க பொருளே இல்லையே?

பொருள் இருக்கணும்னு அவசியமே இல்ல. 5 மீட்டர் ஏணி, அடி சுவத்துல இருந்து 3 மீட்டர் தள்ளி, தலை 4 மீட்டர் உயரத்துல சாஞ்சிருக்கு. சுவர் வழவழன்னு இருக்கு, ஸோ சுவர் படுக்கையா மட்டும் தள்ளும், அது R. தரை மேல தூக்குறது N, தரையோட ஃபிரிக்ஷன் f. ஏணி எடை 200 நியூட்டன், அடில இருந்து படுக்கையா 1.5 மீட்டர்ல இறங்குது. 600 நியூட்டன் எடையுள்ள ஆள் ஏணில 4 மீட்டர் ஏறி நிக்குறார், அப்ப படுக்கை தூரம் 4 × 3/5 = 2.4 மீட்டர்.

கேள்வி பெரும்பாலும் என்ன கேக்கும்? ஃபிரிக்ஷன் எவ்ளோ வேணும், ஏணி வழுக்குமா. வேண்டியது f, வேணாததுன்னா N-ம் R-ம். N-ஓட கோடு ஏணி அடில இருந்து நேர் மேல போகுது. R-ஓட கோடு ஏணி தலைல இருந்து படுக்கையா போகுது. ரெண்டும் எங்க சந்திக்குது? அடிக்கு நேர் மேல 4 மீட்டர் உயரத்துல, வெறும் காத்துல. அங்க பிவட் வைங்க.

f × 4 = 200 × 1.5 + 600 × 2.4
f = 435 N

ஒரே வரி. N வேணும்னா மொத்த எடை, 800. அப்ப தேவையான ஃபிரிக்ஷன் கோஎஃபிஷியன்ட் குறைஞ்சது 435 / 800, சுமார் 0.54. வழக்கமான ஏணி அடில பிவட் வச்சாலும் R = 435 வந்து, அப்புறம் f = R-ன்னு போடணும், இந்த கணக்குல அது பெரிய வித்தியாசம் இல்ல, ஒப்புக்குறேன். ஆனா காத்துல இருக்குற பிவட்டுல ஒரு விஷயம் கண்ணுக்கு நேரா தெரியும்: ஆள் ஏற ஏற 2.4-ங்கிற நம்பர் மட்டும் வளருது, f-ம் கூடவே வளருது, ஆனா N அதே 800-லயே நிக்குது. ஏணி அடில நிக்கும்போது வழுக்காம பாதிக்கு மேல ஏறினப்புறம் வழுக்குறதுக்கு இதான் காரணம்.

சுவரும் சொரசொரப்பா இருந்தா எங்க பிவட் வைக்கணும்?

எங்க வச்சாலும் தீராது. சுவர்லயும் ஃபிரிக்ஷன் வந்தா அன்னோன் நாலு, ஸ்டாடிக்ஸ் குடுக்குறது மூணு ஈக்வேஷன். பிவட்ட மாத்தினா ஈக்வேஷன் எளிசாகுமே தவிர புது தகவல் பொறக்காது. ஏணி வழுக்கப் போற தருணத்துலன்னு கேள்வில சொல்லியிருந்தா மட்டும் ஃபிரிக்ஷன் = கோஎஃபிஷியன்ட் × நார்மல்னு ரெண்டு இடத்துலயும் எழுதலாம், அப்ப முடியும். அப்படி சொல்லலன்னா அது ஸ்டாடிக்ஸ வச்சு மட்டும் போட முடியாத கணக்கு.

டிரஸ் கணக்குல ஒரே ஒரு மெம்பரோட ஃபோர்ஸ் மட்டும் கேட்டா ஜாயின்ட் ஜாயின்டா போய்த்தான் ஆகணுமா?

வேணாம், பிவட் தேர்ந்தெடுக்குறதோட முழு ருசியும் இங்கதான் இருக்கு. ஆகஸ்ட் ரிட்டர்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் 1860-கள்ல இரும்பு கூரையும் பாலமும் கணக்கு போடுறதுக்கு எழுதி வச்ச வழி. டிரஸ்ஸ கற்பனைல ஒரே வெட்டு வெட்டணும், மூணு மெம்பருக்கு மேல வெட்டாம. அந்த மூணுல உங்களுக்கு வேண்டாத ரெண்டும் எந்த புள்ளில சந்திக்குதோ அங்க மொமென்ட்.

12 மீட்டர் நீள டிரஸ், உயரம் 4 மீட்டர். கீழ் ஜாயின்ட் 0, 3, 6, 9, 12 மீட்டர்ல, மேல் ஜாயின்ட் 3, 6, 9 மீட்டர்ல. நடுவுல கீழ் ஜாயின்ட்ல 80 கிலோநியூட்டன் தொங்குது, ரெண்டு முனைலயும் சப்போர்ட், ஸோ ஒவ்வொண்ணும் 40. ரெண்டாவது பேனல, அதாவது 3-க்கும் 6-க்கும் நடுவுல வெட்டுறோம். வெட்டுப்படுறது மேல் கார்டு, கீழ் கார்டு, அப்புறம் மேல் 3-ல இருந்து கீழ் 6-க்கு இறங்குற டயகனல். இடது துண்ட மட்டும் கையில எடுத்துக்கோங்க, அதுல வெளி ஃபோர்ஸ்னு பாத்தா இடது சப்போர்ட்டோட 40 மட்டும்தான்.

மேல் கார்டு வேணுமா? டயகனலும் கீழ் கார்டும் சந்திக்குறது கீழ் 6. அந்த ஜாயின்ட் நம்ம இடது துண்டுலயே இல்ல, வெட்டுக்கு அந்த பக்கம் இருக்கு. பரவாயில்ல.

மேல் கார்டு × 4 = 40 × 6, ஆக 60 kN, அமுக்கம்

கீழ் கார்டு வேணுமா? மேல் கார்டும் டயகனலும் சந்திக்குறது மேல் 3.

கீழ் கார்டு × 4 = 40 × 3, ஆக 30 kN, இழுவை

இதுல பசங்க தடுமாறுற ஒரே இடம், கீழ் 6-ல மொமென்ட் எடுக்கும்போது அங்க தொங்குற 80-ஐயும் சேத்துக்கணுமோன்னு யோசிக்கறது. அது நம்ம துண்டு மேல இல்லாத லோடு, சேக்கவே கூடாது. அந்த புள்ளி வழியாவே அது போறதால சேத்தாலும் இந்த ஈக்வேஷன்ல மட்டும் விடை மாறாது, அதான் வம்பே. தப்பு வெளிய தெரியாம ஒளிஞ்சுக்கிட்டு மேல் 3-ல மொமென்ட் எடுக்கும்போது கிளம்பும். அங்க 80 × 3-ஐ சேத்துட்டா கீழ் கார்டு 90-ன்னு வரும், அதாவது சரியான 30-க்கு மூணு மடங்கு. குறியும் மாறாததால சந்தேகமே வராது, அதனால மொமென்ட் எழுதுறதுக்கு முன்னாடியே எந்த துண்டு மேல எந்த லோடு இருக்குன்னு ஒரு தடவ பாருங்க.

அதே வெட்டுல டயகனல் வேணும்னா? மேல் கார்டும் கீழ் கார்டும் பேரலலா போகுதே, சந்திக்கவே மாட்டேங்குதே?

சந்திக்கலன்னா மொமென்ட்ட விட்டுட்டு ஃபோர்ஸ கூட்டுங்க, ரெண்டு கார்டுக்கும் செங்குத்தான திசைல. ரெண்டு கார்டும் படுக்கையா இருக்கறதால செங்குத்து ஈக்வேஷன்ல ரெண்டுமே வராது. டயகனல் 3-4-5 முக்கோணம், ஸோ D × 4/5 = 40, D = 50 kN இழுவை. படுக்கைல செக் பண்ணுங்க: 60 = 30 + 50 × 3/5. சரி.

பிவட் தூர தூர போகப் போக எல்லா தூரமும் ஏறக்குறைய ஒண்ணாயிடும், அப்ப மொமென்ட் ஈக்வேஷன அந்த பெரிய தூரத்தால வகுத்தா ஃபோர்ஸ் ஈக்வேஷன்தான் மிஞ்சும். அதனால இது வேற ஒரு டெக்னிக்குன்னு தனியா மனப்பாடம் பண்ண வேணாம். மேல் கார்டு சாய்வா இருக்குற டிரஸ்னா ரெண்டும் டிரஸ்ஸுக்கு வெளிய எங்கயோ தூரத்துல சந்திக்கும், அங்க போய் பிவட் வச்சா டயகனல் நேரா வரும்.

கேபிள் மாதிரி சாய்வான ஃபோர்ஸுக்கு செங்குத்து தூரம் கண்டுபிடிக்கறதுலயே சொதப்புறேன். வேற வழி?

ஒரு ஃபோர்ஸ அதோட கோட்டு மேலயே எங்க வேணா நகத்திக்கலாம், மொமென்ட் மாறாது. பிராக்கெட் கணக்குல கேபிள் ஃபோர்ஸ பீம் முனைல வச்சு யோசிக்காம, சுவர் கொக்கிக்கு நகத்துங்க. அங்க அத ரெண்டா பிரிச்சா, செங்குத்து பாகம் சுவத்த ஒட்டி ஹிஞ்ச் வழியா போயிடும், மொமென்ட் இல்ல. படுக்கை பாகம் T cos 30° மட்டும், தூரம் 1.155. பெருக்குங்க, 0.866 × 1.155 = 1, அதாவது T × 1. பீம் முனைல 2 × sin 30° போட்டதும் அதே 1. எந்த இடத்துல பிரிச்சா ஒரு பாகம் பிவட் வழியா போகுதோ அங்க பிரிங்க, சைனா காஸாங்கிற குழப்பம் பாதி குறையும்.

சுவத்துக்குள்ள புதைச்ச கான்டிலிவர்ல, புதைச்ச இடத்துல பிவட் வச்சா எல்லா ரியாக்ஷனும் போயிடுமா?

ஃபோர்ஸ் ரெண்டும் போகும், ஆனா சுவர் ஒரு மொமென்ட்டையும் குடுக்குது, அது போகாது. அது கப்பிள். கப்பிளுக்கு கோடும் கிடையாது, புள்ளியும் கிடையாது, நீங்க எங்க பிவட் வச்சாலும் அதே அளவுலதான் ஈக்வேஷன்ல வரும். அதனாலதான் அந்த புள்ளில மொமென்ட் எடுத்தா ஃபிக்ஸிங் மொமென்ட் நேரா விடையா கிடைக்குது. மறந்துட்டு ஹிஞ்ச் மாதிரி ஜீரோன்னு போட்டா லோடு × தூரம் = 0-ன்னு அபத்தமா வரும், உடனே தெரிஞ்சிடும்.

பிரேக் அடிக்குற பைக்ல பின் சக்கரம் தரைய தொடுற புள்ளில மொமென்ட் எடுத்தேன், முன் சக்கர நார்மல் தப்பா வருது. ஏன்?

ஏன்னா பைக் நிக்கல, வேகம் குறைஞ்சுக்கிட்டு இருக்கு, ரிசல்டன்ட் ஜீரோ இல்ல. முதல் பதில்ல சொன்ன கண்டிஷன் உடைஞ்சு போச்சு, இப்ப பிவட்ட மாத்தினா மொத்த மொமென்ட்டும் மாறும்.

நம்பர் போட்டு பாக்கலாம். பைக்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, சக்கரத்துக்கு சக்கரம் 1.3 மீட்டர், சென்டர் ஆஃப் மாஸ் சரியா நடுவுல, தரைல இருந்து 0.6 மீட்டர் உயரம். பிரேக் அடிச்சு வேகம் செகண்டுக்கு 5 m/s குறையுது. g-ய 10-ன்னு வச்சுக்குவோம். சக்கரம் சுத்துறது நிக்குறதுக்கான சின்ன மொமென்ட்ட விட்டுடுவோம்.

பின் சக்கரம் தரைய தொடுற புள்ளி சூப்பர் பிவட் மாதிரி தெரியும். பின் நார்மல் போகுது, ரெண்டு சக்கரத்தோட ஃபிரிக்ஷனும் தரை மேலயே படுக்கையா போறதால ரெண்டும் போகுது, ஒரே வெட்டுல மூணு அன்னோன். அப்படியே ஜீரோன்னு போட்டா N × 1.3 = 2000 × 0.65, முன் நார்மல் 1000. அதாவது பைக் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி பாதிப்பாதி. பிரேக் அடிச்சா முன்பக்கம் முங்குறது பைக் ஓட்டுற எல்லாருக்கும் தெரியும், ஸோ விடை தப்புன்னு கணக்கு போடாமலே சொல்லிடலாம்.

பிவட் தப்பில்ல, வலது பக்கம் போட்ட ஜீரோதான் தப்பு. மொமென்ட்டோட கூட்டு = I × ஆங்குலர் ஆக்ஸிலரேஷன்ங்கிற ஃபார்முலா ரெண்டு இடத்துல கவலையில்லாம வேலை செய்யும், சென்டர் ஆஃப் மாஸ்லயும் தரையோட நிலையா இருக்குற அச்சுலயும். வேற புள்ளி எடுத்தா m × a × (அந்த புள்ளில இருந்து a-ஓட கோட்டுக்கு இருக்குற செங்குத்து தூரம்) சேக்கணும். இங்க அது 200 × 5 × 0.6 = 600. சென்டர் ஆஃப் மாஸ்ல முன்னோக்கி ஒரு ma ஃபோர்ஸ் இருக்குற மாதிரி கற்பனை பண்ணி நிக்குற பாடியா பாத்தாலும் இதே 600தான் வரும், கல்லூரில டி'அலம்பர்ட்னு சொல்லிக் குடுக்குறது இதத்தான்.

N × 1.3 = 2000 × 0.65 + 600
N = 1900 / 1.3 = 1462 N

பின் சக்கரத்துக்கு மிச்சம் 538. சென்டர் ஆஃப் மாஸ்ல பிவட் வச்சு சரிபாக்கலாம், அங்க ma-வுக்கு தூரம் இல்ல, ஆனா ஃபிரிக்ஷன் உள்ள வந்துடும். மொத்த ஃபிரிக்ஷன் 200 × 5 = 1000, தூரம் 0.6, ஆக 600. முன் நார்மல் கழித்தல் பின் நார்மல், அத 0.65-ஆல பெருக்கினா 600, ஸோ வித்தியாசம் 923. கூட்டு 2000. அதே 1462-ம் 538-ம் வருது.

ரெண்டுல எது எளிசுன்னா, மொத்த ஃபிரிக்ஷன் தெரிஞ்சா சென்டர் ஆஃப் மாஸ். a மட்டும் தெரிஞ்சு ஃபிரிக்ஷன் எந்த சக்கரத்துல எவ்ளோன்னு தெரியலன்னா தரைப்புள்ளி, ஆனா ma × உயரத்த எழுதாம பேனாவ எடுக்காதீங்க. பின் சக்கரம் எப்ப தூக்கும்னு கேட்டா தரைப்புள்ளிதான் பெஸ்ட், முன் சக்கரம் தரைய தொடுற புள்ளில பிவட் வச்சு பின் நார்மல ஜீரோ ஆக்குங்க: m × g × 0.65 = m × a × 0.6. ரெண்டு பக்கமும் m அடிபட்டு a = 10.8 m/s²-ன்னு வரும், ஆள் எடையே வேணாம்.